ஓடக்காரர் யாரை ஏற்றமாட்டார்?

நான் எழுத்தராக இருந்த காலத்தில், சில ஆண்டுகள் பிறப்பு இறப்புப் பதிவு மேசையில் உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் காலை மீனவக் குப்பத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். கடலுக்குப் போன மகன் திரும்பவில்லை. கட்டுமரம் மட்டும் இரண்டு நாள் கழித்துக் கரை ஒதுங்கியதாம். ஆளும் இல்லை, உடலும் இல்லை. இறப்புச் சான்று வேண்டும் என்று கேட்டார்.

"உடல் கெடைக்கலியேம்மா. காணாமப் போனவருக்கு ஏழு வருஷம் ஆனாத்தான் எதுவும் பண்ண முடியும்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "அந்த ஏழு வருஷமும் அவன் எங்கய்யா இருப்பான்?" என்று கேட்டார்.

அவர் சட்டம் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதே புரிந்தது. ஆனால் பின்னால் வரிசை நின்றது. "அடுத்தவங்க வாங்க" என்று சொல்லிவிட்டேன். அதன் பலனைக் கடைசியில் சொல்கிறேன்.

அன்று இரவு சாப்பிட்டுப் படுத்தபோது, பள்ளியில் படித்த ஒரு லத்தீன் பாடம் நினைவுக்கு வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களில் சிலருக்கு லத்தீனும் உண்டு. எங்கள் முசியே விர்ஜிலின் 'ஏனியட்' காவியத்தின் ஆறாம் காண்டத்திலிருந்து சில பகுதிகளை மனப்பாடம் செய்ய வைப்பார். அப்போது அது தண்டனையாக இருந்தது. அந்த அம்மாளின் கேள்விக்கு இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே ஒருவர் பதில் எழுதி வைத்திருக்கிறார் என்பது அந்த இரவில்தான் எனக்கு உறைத்தது.

அந்தக் காண்டத்தில் கதாநாயகன் ஏனியாஸ், இறந்துபோன தன் தந்தையைக் காண உயிரோடு பாதாளத்துக்கு இறங்குகிறான். சிபில் என்ற முதிய பூசாரிணி வழிகாட்டியாக உடன் வருகிறாள். முதலில் எதிர்ப்படுவது ஓர் ஆறு. அதன் பெயர் ஆக்கெரோன் என்று ஓரிடத்திலும் ஸ்டிக்ஸ் என்று இன்னோரிடத்திலும் வருகிறது. பழைய கதைகளில் இந்தப் பெயர்கள் இப்படிக் கலந்துதான் கிடக்கும். இரண்டும் கற்பனைப் பெயர்கள் அல்ல. ஆக்கெரோன் வடமேற்குக் கிரேக்க நாட்டில் இன்றும் ஓடுகிற ஆறு. ஸ்டிக்ஸ் அதே நாட்டின் தென்பகுதி மலையில் விழும் அருவி.

ஆற்றங்கரையில் ஓடக்காரர் நிற்கிறார். அவர் பெயர் கரோன். சீவாத வெள்ளைத் தாடி, நெருப்பு எரியும் கண்கள், தோளில் முடிச்சுப் போட்டுத் தொங்கும் அழுக்குத் துணி. கிழவர்தான், ஆனால் உடம்பு தளராத கிழவர். படகு தையல் போட்ட பழைய படகு. உயிருள்ள ஏனியாஸ் பின்னர் அதில் ஏறியதும் பாரம் தாங்காமல் முனகுகிறது, இடுக்குகள் வழியே சேற்றுநீர் உள்ளே வருகிறது. ஆவிகளுக்கு எடை கிடையாது, மனிதனுக்கு உண்டு. ஓட்டைப் படகை ஒரு தடவையாவது தள்ளிப் பார்த்தவர் எழுதியது போலவே இருக்கிறது என்று எங்கள் முசியே சொல்வார்.

இந்தக் கரோன் ஆதியிலிருந்தே அங்கே இருந்தவர் அல்ல. ஹோமருடைய இலியட், ஒடிசி இரண்டிலும் ஆறு உண்டு, ஓடக்காரர் கிடையாது. இலியட்டில் போரில் இறந்த பத்ரோக்லோஸின் ஆவி, நண்பன் அக்கிலீஸின் கனவில் வந்து, சீக்கிரம் என்னை அடக்கம் செய் என்று கெஞ்சுகிறது. மற்ற ஆவிகள் தன்னை ஆற்றைக் கடக்க விடாமல் துரத்துகின்றன என்கிறது. ஆக, 'அடக்கம் ஆகாதவன் கடக்க முடியாது' என்ற விதி முதலில் வந்துவிட்டது. அந்த விதியை அமல்படுத்த ஓர் ஆள் பிற்பாடுதான் நியமனம் ஆனார். அலுவலகத்தில் இருந்தவனுக்கு இது வேடிக்கையாக இல்லை. சட்டம் முதலில் வரும், அதற்கு மேசையும் ஆளும் அப்புறம் வரும்.

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு ஏதென்ஸில் கரோன் எல்லோருக்கும் தெரிந்த ஆளாகிவிட்டார். கல்லறையில் வைக்கும் எண்ணெய்க் குடுவைகளில் அவர் படத்தை வரைந்தார்கள். வெள்ளைப் பூச்சின் மேல் மெல்லிய கோடுகளால் வரைந்த படங்கள். அவற்றில் அவர் பயங்கரமானவர் அல்ல. கூலியாள் தொப்பியும் குட்டை உடையுமாக, கழியை ஊன்றிப் படகில் நின்று காத்திருக்கிறார். ஹெர்மஸ் தெய்வம் இறந்தவரைக் கைபிடித்து அழைத்து வருகிறது. சில குடுவைகளில் வருவது சிறு குழந்தை. விளையாட்டு வண்டியோடு கரையில் நிற்கிற குழந்தையை வரைந்த குடுவையும் உண்டு. வாங்கியவர்கள் குழந்தையைப் பறிகொடுத்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். ஓடக்காரர் முகத்தைச் சாந்தமாக வரையச் சொல்லிக் கேட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

கரோன் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது காசு. இறந்தவர் வாயில் ஓர் ஓபோல் நாணயம் வைப்பார்கள், அது ஓடக்கூலி. ஓபோல் என்பது ஒரு திராக்மாவில் ஆறில் ஒரு பங்கு. ஒரு கிராமுக்கும் குறைவான வெள்ளித் துணுக்கு. ஏன் வாயில்? புனிதக் காரணம் எதையும் தேட வேண்டாம். அக்காலத்து ஏதென்ஸ்காரர்கள் கடைத்தெருவுக்குப் போகும்போதே சில்லறையை வாயில் அடக்கிக்கொண்டு போவார்கள். அரிஸ்டோபனீஸின் நாடகங்களில் இது சர்வ சாதாரணமாக வரும். நம் பாட்டிமார் முந்தானையில் முடிந்துகொண்டதைப் போல, அவர்களுக்கு வாய்தான் சுருக்குப்பை.

ஆனால் தோண்டியெடுத்த கல்லறைகள் கதையை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. காசு இல்லாத கல்லறைகள்தான் அதிகம். இருக்கும் இடங்களிலும் சில வாயில், சில கையில், சில உடலின் பக்கத்தில். ஒன்றுக்கு மேல் இருப்பதும் உண்டு. நம் ஊரிலும் நெற்றியில் காசு வைக்கிறோம். எதற்கு என்று நாலு பேரைக் கேட்டால் நாலு பதில் வரும். வழக்கம் ஒன்றாக இருக்கும், விளக்கம் வேறு வேறாக இருக்கும்.

இந்தக் காசைக் கேலி செய்தவர்களும் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் லூசியன் என்ற எழுத்தாளர் கேட்டார்: அந்த உலகத்தில் எந்த ஊர் நாணயம் செல்லும் என்று விசாரித்துக்கொண்டா வைக்கிறீர்கள்? காசே வைக்காமல் அனுப்பினால் இன்னும் நல்லதாயிற்றே, ஓடக்காரர் ஏற்றமாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிடுவார், செத்தவர் பிழைத்து வந்துவிடுவாரே! இதைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். பிறகுதான் யோசித்தேன். விர்ஜிலின் கரோன் காசைப் பற்றிப் பேசுவதே இல்லை. அந்தக் காண்டத்தில் கட்டணம் என்ற பேச்சே கிடையாது. அவர் கேட்பது வேறொன்று.

கரையில் பெருங்கூட்டம் நிற்கிறது. தாய்மார், வீரர்கள், மணமாகாத பெண்கள், பெற்றோர் கண்முன் இறந்த பிள்ளைகள். எல்லோரும் அக்கரை நோக்கிக் கையை நீட்டுகிறார்கள். கரோன் சிலரை ஏற்றுகிறார், சிலரைக் கழியால் விலக்குகிறார். ஏனியாஸ் சிபிலிடம் கேட்கிறான்: என்ன கணக்கு இது? நல்லவர் கெட்டவரா? ஏழை பணக்காரரா?

எதுவும் இல்லை என்பதுதான் பதில். ஏற்றப்படுபவர்கள் அடக்கம் ஆனவர்கள். விலக்கப்படுபவர்கள் அடக்கம் ஆகாதவர்கள். எலும்புகள் ஓரிடத்தில் ஓயும்வரை கடக்க அனுமதி இல்லை. அப்படி யாரும் அடக்கம் செய்யாவிட்டால் நூறு ஆண்டு இக்கரையில் அலைய வேண்டும், பிறகுதான் முறை வரும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாவ புண்ணியம் பார்க்கும் நீதிபதி மினோஸ் இருப்பது ஆற்றுக்கு அப்பால். கரோன் நீதிபதி அல்ல. அவர் காகிதம் சரிபார்க்கும் ஆள். நம் கருட புராணத்து வைதரணி இதற்கு நேர் எதிர். அங்கே ஆறே தண்டனை. சீழும் ரத்தமும் ஓடும், பாவி அதில் தவிப்பான், பசு தானம் கொடுத்தவன் கரையேறுவான். வைதரணியில் இறந்தவன் செய்த செயலுக்குக் கணக்கு. கரோனின் ஆற்றிலோ, இருப்பவர்கள் செய்ய வேண்டிய ஒரு செயலுக்குக் கணக்கு. இறந்தவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் சரி, அவனை மண்ணில் இடவேண்டியவன் இடவில்லை என்றால் அவன் நிற்க வேண்டியதுதான். அந்த ஆறு சொல்லும் கட்டளை செத்தவனுக்கு அல்ல, உயிரோடு இருப்பவனுக்கு.

இதை அவர்கள் வெறும் கதையாக வைத்துக்கொள்ளவில்லை. கி.மு. 406-இல் அர்கினுசாய் தீவுகளின் அருகே ஏதென்ஸ் கடற்படை ஸ்பார்ட்டாவை வென்றது. ஆனால் புயல் எழுந்ததால், உடைந்த கப்பல்களில் இருந்தவர்களை மீட்க முடியவில்லை, இறந்தவர்களின் உடல்களையும் எடுக்க முடியவில்லை. வென்று வந்த தளபதிகளை மாலை போட்டு வரவேற்கவில்லை, விசாரணை வைத்தார்கள். எட்டுப் பேரில் இருவர் ஊருக்குத் திரும்பவே இல்லை. திரும்பிய ஆறு பேருக்கும் மரண தண்டனை. எல்லோரையும் ஒரே ஓட்டெடுப்பில் தண்டிப்பது சட்டவிரோதம் என்று அன்று எதிர்த்தவர் சாக்ரடீஸ். அவர் பேச்சு எடுபடவில்லை. கொன்ற பிறகு ஊரார் வருந்தினார்கள். கடலில் விடப்பட்டவர்களின் வீட்டார் எத்தனை கொதித்திருந்தால் இது நடந்திருக்கும்!

அடுத்த ஆண்டு, கி.மு. 405-இல், அரிஸ்டோபனீஸ் 'தவளைகள்' என்ற நகைச்சுவை நாடகத்தை மேடையேற்றினார். அதில் கரோன் வருகிறார். டயோனிசஸ் தெய்வம் தன் அடிமையோடு பாதாளத்துக்குப் போகிறது. ஓடக்கூலி இரண்டு ஓபோல். கரோன் அந்த அடிமையை ஏற்ற மறுக்கிறார். அந்தக் கடற்போரில் சண்டை போட்ட அடிமையென்றால் மட்டும் ஏற்றுவேன் என்கிறார். அர்கினுசாயில் துடுப்பு வலித்த அடிமைகளுக்கு விடுதலை கிடைத்திருந்தது. இவனோ, எனக்கு அப்போது கண்நோய், போகமுடியவில்லை என்கிறான். அப்படியானால் ஏரியைச் சுற்றி ஓடு என்று விரட்டிவிடுகிறார். டயோனிசஸையும் சும்மா உட்கார விடவில்லை, துடுப்பைக் கையில் கொடுத்து வலிக்க வைக்கிறார். பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் அவர்களில் பலருக்கு முந்திய ஆண்டு கடலில் போன ஓர் அண்ணனோ மகனோ இருந்திருப்பான்.

இனி, அந்த அம்மாளின் கேள்விக்கு வருகிறேன். விர்ஜிலின் கரையில் நிற்கும் கூட்டத்தில் ஏனியாஸுக்குத் தெரிந்த முகம் ஒன்று இருக்கிறது. பெயர் பாலினூரஸ். ஏனியாஸின் கப்பலில் சுக்கான் பிடித்தவன். வரும் வழியில் ஓர் இரவு, எல்லோரும் உறங்கும்போது, நித்திரைத் தெய்வம் அவனையும் மயக்கிக் கடலில் தள்ளிவிட்டது. சுக்கானை விடாமல் பிடித்திருந்தான், அதையும் பெயர்த்துக்கொண்டே விழுந்தான். அவன் எங்கே போனான் என்று கப்பலில் யாருக்கும் தெரியாது.

ஏனியாஸ் கேட்கிறான்: நீ கடலில் சாகமாட்டாய், இத்தாலிக் கரையை அடைவாய் என்று அப்பொல்லோ வாக்களித்தாரே, அது பொய்யா? பாலினூரஸ் சொல்கிறான்: பொய் இல்லை. மூன்று இரவு அலை என்னை அடித்துச் சென்றது. நாலாம் நாள் விடியலில் இத்தாலி தெரிந்தது. மெல்ல நீந்திக் கரைக்கு வந்துவிட்டேன். நனைந்த துணியின் பாரத்தோடு பாறையைப் பற்றி ஏறும்போது, அந்த ஊர்க்காரர்கள் என்னிடம் ஏதோ பொருள் இருக்கிறது என்று நினைத்து வெட்டிவிட்டார்கள். இப்போது என் உடல் அலையில் உருண்டுகொண்டிருக்கிறது. விழுந்தபோதுகூட என்னைப் பற்றிப் பயப்படவில்லை, சுக்கான் இல்லாத உங்கள் கப்பல் என்ன ஆகுமோ என்றுதான் பயந்தேன்.

பிறகு கேட்கிறான். ஒன்று, வேலியா துறைக்குப் போய் என் உடல்மேல் மண் போடுங்கள். இல்லையென்றால், இப்போதே கையைக் கொடுத்து உங்களோடு என்னையும் அக்கரைக்கு அழைத்துப் போங்கள்.

ஏனியாஸ் வாய் திறக்கும் முன் சிபில் குறுக்கிடுகிறாள். முடியாது என்கிறாள். வேண்டுதலால் விதியை வளைக்கலாம் என்ற ஆசையை விடு என்கிறாள். சிறுவயதில் இந்த இடத்தில் எனக்குச் சிபில்மேல் கோபம் வரும். தலைவன் கூடவே நிற்கிறான், கையில் பாதாளத்துக்கே அனுமதிச் சீட்டான பொற்கிளை இருக்கிறது, ஓர் ஆளைச் சேர்த்து ஏற்றினால் என்ன?

ஆனால் அவள் அதோடு நிறுத்தவில்லை. தொடர்ந்து சொல்கிறாள்: உன்னைக் கொன்ற அந்த ஊர்க்காரர்களே, வானத்திலிருந்து வரும் அறிகுறிகளால் அஞ்சி, உன் எலும்புகளுக்குப் பரிகாரம் செய்வார்கள். சமாதி எழுப்புவார்கள். ஆண்டுதோறும் அங்கே படையல் வைப்பார்கள். அந்த இடம் என்றைக்கும் உன் பெயரால் வழங்கும். இதைக் கேட்டதும் பாலினூரஸின் துயரம் கொஞ்சம் விலகுகிறது. தன் பெயர் கொண்ட நிலத்தை நினைத்து மகிழ்கிறான் என்கிறார் விர்ஜில். இத்தாலியின் தென்மேற்குக் கடற்கரையில், நேப்பிள்ஸுக்குத் தெற்கே, அந்த முனைக்கு இன்றும் காப்போ பாலினூரோ என்றுதான் பெயர்.

விதி தளரவில்லை. கரோன் அவனை அன்று ஏற்றவும் இல்லை. ஆனால் எங்கே நிற்கிறோம், எதற்காக நிற்கிறோம், எப்போது முடியும் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

உடல் கிடைக்காதவர்களுக்கு அந்த மக்கள் வேறு வழியும் வைத்திருந்தார்கள். கடலில் மூழ்கி இறந்த ஒருவனின் ஆவி, அவ்வழியே போகும் மாலுமியிடம் மூன்று பிடி மண் போட்டுவிட்டுப் போ என்று கேட்பதாக ஹொரேஸ் ஒரு கவிதை எழுதியிருக்கிறார். மூன்று பிடி போதும், அடக்கம் ஆகிவிட்டது என்று பொருள். உடலே இல்லையென்றால் வெறும் சமாதி கட்டி, மும்முறை பெயர் சொல்லி அழைப்பார்கள். ஏனியாஸே ட்ராயில் இறந்த தோழன் டெய்போபஸுக்கு அப்படிச் செய்ததாக இதே காண்டத்தில் சொல்கிறான். நம் சாத்திரத்திலும் உடல் கிடைக்காதவருக்குத் தர்ப்பையாலோ இலைகளாலோ உருவம் செய்து தகனம் செய்யும் முறை உண்டு. ஏதென்ஸோ ரோமோ குப்பமோ, உடல் இல்லை என்பதற்காக ஒருவனை அப்படியே கரையில் நிற்கவிட மனிதனுக்கு மனம் வருவதில்லை.

காவலர் கண்டிப்பாக இருப்பதைப் பற்றி நமக்கும் ஒரு கதை தெரியும். காசிச் சுடுகாட்டில் அரிச்சந்திரன் நிற்கிறான். இறந்த தன் மகனைத் தூக்கிக்கொண்டு வருபவள் தன் மனைவி. கூலி இல்லாமல் எரிக்க விடமாட்டேன் என்கிறான். நம் ஊர்களில் சுடுகாட்டு வாசலில் அரிச்சந்திரன் கல் நட்டு, பாடையை இறக்கி வைத்து, அவனிடம் அனுமதி கேட்டுத்தான் உள்ளே போகிறோம். நாம் அவனை வணங்குவது அவன் கண்டிப்பாக இருந்ததற்காக மட்டும் இல்லை. கண்டிப்பாக இருந்தபோது அவனுக்கும் வலித்தது, அதனால்தான். கரோனுக்கு வலித்ததா என்று விர்ஜில் சொல்லவில்லை.

இப்போது என் கணக்கு. ஏழு வருடம் என்று நான் சொன்னது தப்பில்லை. ஏழு ஆண்டுகளாக ஒருவரைப் பற்றி, சேதி தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே எந்தச் சேதியும் இல்லை என்றால் அவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்பது சாட்சியச் சட்டம். ஆனால் அது தானாக நடக்காது. காணாமற்போன உடனே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். தேடியும் கிடைக்கவில்லை என்று அவர்களிடம் எழுத்து வாங்க வேண்டும். ஏழு ஆண்டு கழித்து நீதிமன்றத்தில் மனு போட்டு, இறந்ததாக அறிவித்து உத்தரவு பெற வேண்டும். அதைக் கொண்டுவந்தால்தான் எங்கள் பதிவேட்டில் ஏறும். எந்த நாளிலிருந்து காணோம் என்பதற்குக் கையில் இருக்கும் நல்ல சாட்சி அந்த முதல் புகார்தான்.

இதில் ஒரு வரியையும் நான் அவரிடம் சொல்லவில்லை. ஏழு வருடம் கழித்து வாருங்கள் என்பதுபோலச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவரும் காத்திருந்தார். ஒரு வருடத்துக்கு மேல் கழிந்த பிறகு, குப்பத்துப் படித்த பையன் ஒருவன் சொல்லித்தான் புகார் கொடுத்தார். அதனால் பிற்பாடு நீதிமன்றத்தில் நாள் கணக்கு இழுபட்டது. கடைசியில் அவர் உத்தரவோடு வந்தபோது எட்டு வருடம் தாண்டிவிட்டது. தலை முழுதும் நரைத்திருந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

சான்றைக் கொடுக்கும்போது, "காரியம் எல்லாம் பண்ணிட்டீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"அது அப்பவே பண்ணிட்டமே ஐயா. அவன் சட்டைய வச்சு கடக்கரையில பண்ணோம். ஒங்க சீட்டு வர வரைக்கும் புள்ளைய நிக்க வைக்க முடியுமா?" என்றார்.

நான் ஒன்றும் பேசவில்லை. சான்றில் பெயரின் எழுத்துக்கள் சரியாக இருக்கின்றனவா என்று அவர் முன்னால் இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

அதன்பின் ஓய்வு பெறும்வரை, முடியாது என்று சொல்ல வேண்டிய யாரிடமும் அந்த ஒரு சொல்லோடு நிறுத்தியதில்லை. ஏன் முடியாது, முதலில் எங்கே போக வேண்டும், என்ன காகிதம் வாங்க வேண்டும், எவ்வளவு நாள் ஆகும் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். வரிசை நீண்டது, மேலதிகாரியிடம் பேச்சும் வாங்கினேன். சிபிலும் பாலினூரஸை ஏற்றிவிடவில்லை. ஆனால் அவன் எங்கே நிற்கிறான் என்று அவனுக்குச் சொல்லிவிட்டுத்தான் ஆற்றைக் கடந்தாள்.